புனலில் காணாமல் போன 180 பேர்

ஆன்லைன் கடை நடத்துபவர்கள் காலையில் கணினியைத் திறந்ததும் பார்க்கும் படங்களில் புனல் வரைபடம் முக்கியமானது. உச்சியில் அகலமான பட்டை, கீழே போகப் போக ஒவ்வொன்றும் குறுகிக்கொண்டே வரும். பொருளைப் பார்த்தவர்கள் முதல் பட்டை. கூடையில் போட்டவர்கள் அடுத்தது. பிறகு முகவரி எழுதத் தொடங்கியவர்கள், பணம் கட்டும் பக்கம் வரை வந்தவர்கள், கடைசியில் ஆர்டர் செய்தவர்கள். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கழன்றுகொண்டவர்கள் என்று கணக்கு வைப்பார்கள்.

படம் எளிமையானது. எளிமையாக இருப்பதாலேயே பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். எப்படி என்று பார்க்க, கைத்தறிச் சேலை விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். எண்களும் கற்பனைதான், கணக்குப் போட வசதியாக வைத்துக்கொண்டவை. ஒரு மாதத்தில் 20,000 பேர் சேலைப் பக்கங்களைப் பார்த்தார்கள். 1,600 பேர் கூடையில் போட்டார்கள். 800 பேர் முகவரி எழுதத் தொடங்கினார்கள். 600 பேர் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தார்கள். 420 ஆர்டர் பதிவானது.

கடைக்காரரின் கண் முதலில் எங்கே போகும்? முதல் பட்டைக்கும் இரண்டாவதற்கும் இடையில் உள்ள பெரும் பள்ளத்துக்குத்தான். நூற்றுக்கு 92 பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். போன மாதம் கூடைக்குப் போனவர்கள் நூற்றுக்கு 12, இந்த மாதம் 8. படம் சரியில்லையோ, விலை அதிகமோ என்று அலசத் தொடங்குவார். புது போட்டோகிராபருக்குப் போன் போகும்.

போன மாதக் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. போன மாதம் பார்த்தவர்கள் 10,000 பேர், கூடையில் போட்டவர்கள் 1,200. இந்த மாதம் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுத்ததால் இன்னொரு 10,000 பேர் வந்தார்கள். அவர்களில் 400 பேர்தான் கூடை வரை போனார்கள். பழைய வழியில் வந்தவர்கள் இந்த மாதமும் அதே 12 சதவீதம். விளம்பரம் பார்த்து வந்தவர்கள் 4 சதவீதம். இரண்டையும் கொட்டிக் கலந்தால் 8. கடையில் எதுவும் கெடவில்லை, வந்த கூட்டத்தின் கலவைதான் மாறியிருக்கிறது. அந்த 400 பேர் விளம்பரச் செலவுக்குக் கட்டுப்படியானார்களா என்பது நல்ல கேள்வி. ஆனால் போட்டோகிராபருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கிருந்து வந்தவர்கள், போனிலா கணினியிலா, புதியவரா பழையவரா என்று பிரித்துப் பார்க்காத புனல் இப்படித்தான் ஏமாற்றும்.

அடுத்த பள்ளம் கூடையில். 1,600 பேரில் பாதிப் பேர் முகவரிப் பக்கத்துக்கே வரவில்லை. கூடையை நிரப்பிவிட்டு வாங்காமல் போவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்து எடுத்த சராசரிப்படி, நிரம்பும் கூடைகளில் சுமார் 70 சதவீதம் ஆர்டராக முடிவதில்லை. அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் அதே நிறுவனம் காரணம் கேட்டபோது, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது வாங்கும் எண்ணமில்லை என்ற பதில்தான் முதலிடம் பிடித்தது. கூடை பலருக்கு ஒரு குறிப்பேடு. பிடித்ததை அதில் போட்டு வைப்பார்கள், நாலு நாள் கழித்து அக்காவிடம் காட்டுவார்கள், விலை இறங்குகிறதா என்று கவனிப்பார்கள். இவர்களையெல்லாம் இழந்த வாடிக்கையாளர்கள் என்று எழுதுவது, இவர்களை ஏற்கெனவே பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வதால் வரும் கணக்கு.

நம் சேலைக் கடையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கூரியர் கட்டணம் எவ்வளவு என்பது கூடைக்குள் போய்ப் பின்கோடு கொடுத்தால்தான் தெரியும். ஆக, கட்டணத்தைத் தெரிந்துகொள்ளவே சிலர் சேலையைக் கூடையில் போடுகிறார்கள். இதைப் புரிந்துகொண்ட கடைக்காரர், பின்கோடு பெட்டியைச் சேலைப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் கூடைக்குப் போனவர்கள் 1,300 ஆகக் குறைகிறார்கள். முகவரிப் பக்கத்துக்கு வந்தவர்கள் அதே 800. கூடையிலிருந்து நகர்ந்தவர்கள் 50 சதவீதத்திலிருந்து 62 ஆக உயர்ந்துவிட்டார்கள் என்று வரைபடம் பெருமையடிக்கும். ஆனால் ஆர்டர் 420-ஐத் தாண்டவில்லை. கழன்றவர்கள் ஒரு படி முன்னாலேயே கழன்றார்கள், அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு அலைச்சல் மிச்சம் என்ற வகையில் அது நல்ல மாற்றமே. விற்பனை கூடியதாகக் கொண்டாடினால்தான் தப்பு.

ஒரு படியைத் தனியாக எடுத்துச் சதவீதம் பார்ப்பதில் உள்ள ஆபத்து இது. மேல் பட்டையைச் சுருக்கினாலே கீழே சதவீதம் ஏறிவிடும்.

படிகளைத் தாண்டிக் குதிப்பவர்களும் உண்டு. "இப்போதே வாங்கு" என்ற பொத்தானைச் சேர்த்தால், அதை அழுத்துபவர் கூடைக்கே போகாமல் நேராக முகவரிப் பக்கத்துக்குப் போய்விடுவார். கூகுள் அனலிட்டிக்ஸில் புனல் தயாரிக்கும்போது, நாமாக மாற்றாவிட்டால் அது மூடிய புனலாகவே கிடைக்கும். முதல் படியில் தொடங்கி வரிசையாக வந்தவர்களை மட்டுமே அது எண்ணும். கூடையைத் தாண்டிப் போய்ச் சேலை வாங்கியவர், அந்தப் படத்தில் கூடைக்கு முன்பே கழன்றவராகத் தெரிவார். பணம் கொடுத்து வாங்கியவரையே போய்விட்டவர் பட்டியலில் சேர்க்கும் கூத்து இது. திறந்த புனலாக மாற்றினால் எந்தப் படியில் நுழைந்தவரும் கணக்கில் வருவார். பொத்தான் வைத்த வாரத்தில் புனல் திடீரென்று இளைத்தால், முதலில் இந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இனி தலைப்பில் உள்ள 180 பேர். பணம் கட்டும் பக்கத்துக்கு 600 பேர் வந்தார்கள், 420 பேர்தான் கட்டியதாகப் பதிவு. சேலையைத் தேர்ந்தெடுத்து, முகவரி எழுதி, பணம் கட்டும் இடம்வரை வந்த 180 பேர் எங்கே?

கடையின் ஆர்டர் புத்தகத்தைப் பிரித்தால் அங்கே 420 இல்லை, 505 ஆர்டர் இருக்கிறது. 85 பேர் பணம் கட்டிவிட்டார்கள், வரைபடத்துக்குத்தான் தெரியவில்லை. போனில் யுபிஐ முறையைத் தொட்டதும் வேறொரு ஆப் திறக்கிறது. ரகசிய எண்ணைப் போட்டதும் பணம் போய்விட்டதாகப் பச்சை அடையாளம் வருகிறது. அத்தோடு பலர் போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள், கடையின் பக்கத்துக்குத் திரும்ப மாட்டார்கள். பணம் வந்த செய்தியைப் பேமென்ட் நிறுவனம் கடையின் சர்வருக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறது. அதனால் ஆர்டர் ஒழுங்காகப் பதிவாகிறது, சேலையும் கிளம்பிவிடுகிறது. ஆனால் புனலுக்கான `purchase` என்ற குறிப்பு, நன்றி சொல்லும் பக்கம் வாடிக்கையாளரின் போனில் திறந்தால்தான் போகும்படி பல கடைகளில் அமைத்திருப்பார்கள். பக்கம் திறக்கவில்லை, குறிப்பும் போகவில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. ஒரு வாரத்து ஆர்டர் எண்களை ஒரு பக்கம், அனலிட்டிக்ஸில் பதிவான ஆர்டர் எண்களை மறுபக்கம் வைத்து ஒப்பிட்டால் போதும். விடுபட்டவை எல்லாம் யுபிஐ ஆர்டர்களாகவே இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. குறிப்பைச் சர்வரிலிருந்து அனுப்பும்படி மாற்றினால் பள்ளம் 180-லிருந்து 95-க்கு வந்துவிடும். இதைச் செய்யாமல், பணம் கட்டாதவர்களை இழுக்கத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினால், முழு விலை கொடுத்து வாங்கி முடித்தவருக்கே கூப்பன் போகும். அவர் கோபப்படுவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

மீதி 95 பேர் நிஜமாகவே போனவர்கள். ஏன் போனார்கள் என்று புனல் ஒருபோதும் சொல்லாது. இதற்குத் தொழிலில் பேர்போன உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதியது. கடையின் பெயரை அவர் சொல்லவில்லை. அந்தக் கடையில் கூடைக்கும் பணம் கட்டும் பக்கத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு படிவம் இருந்தது. மின்னஞ்சல், கடவுச்சொல் என்று இரண்டு பெட்டிகள். உள்ளே நுழைய ஒரு பொத்தான், புதிதாகப் பதிவு செய்ய ஒரு பொத்தான். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஓர் இணைப்பு. முதல்முறை வருபவருக்குப் பதிவு செய்வது சின்ன வேலை, பழைய வாடிக்கையாளருக்கோ நேரம் மிச்சம் என்று வடிவமைத்தவர்கள் நம்பினார்கள்.

வாங்க வந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது இரண்டு நம்பிக்கையும் உடைந்தன. புதியவர்கள் பதிவு செய் என்ற சொல்லைப் பார்த்ததுமே எரிச்சலடைந்தார்கள். பழையவர்களுக்கு எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம், என்ன கடவுச்சொல் வைத்தோம் என்பதே நினைவில்லை. கடையின் தரவுகளைத் தோண்டியதில், வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தது தெரிந்தது. கடவுச்சொல் மறந்தது என்று நாளொன்றுக்கு 1,60,000 கோரிக்கைகள் வந்தன. அப்படிக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கும் முயற்சிக்கே திரும்பவில்லை.

பதிவுப் பொத்தானை எடுத்துவிட்டு, "தொடர்க" என்ற பொத்தானையும், வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்ற ஒரு வரியையும் வைத்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர் என்று ஸ்பூல் எழுதுகிறார். அந்தப் படிவத்தின் இடத்தில் புனல் ஒரே ஒரு பள்ளத்தைத்தான் காட்டியிருக்கும். அதற்குள் இரண்டு வகை மனிதர்கள் இரண்டு வேறு காரணங்களால் விழுந்துகொண்டிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கே தெரிந்தது.

கடைசிப் பட்டையோடு கதை முடிவதாக நினைப்பதும் ஒரு தப்பு. நம் ஊர்க் கடைகளுக்கு இது இன்னும் முக்கியம். 505 ஆர்டரில் 200 கேஷ் ஆன் டெலிவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் பணம் கட்டும் பக்கத்தில் தடங்கலே கிடையாது, ஒரு தொடுதலில் முடிந்துவிடும். ஆகவே இதை முன்னால் நிறுத்தும் கடையின் புனல் அழகாகத்தான் இருக்கும். சேலை வாசலுக்குப் போன பிறகு, ஆள் இல்லை, வேண்டாம் என்ற பதில்களோடு 50 பார்சல் திரும்பி வருகிறது. தொழிலில் இதை ஆர்டிஓ என்பார்கள். போக ஒரு கூரியர் கட்டணம், திரும்ப ஒரு கட்டணம், மடிப்புக் கலைந்த சேலையை மறுபடி மடித்து அடுக்கும் கூலி. வரைபடத்தில் அந்த 50 பேரும் வாங்கியவர்களாகவே நிற்கிறார்கள். டெலிவரி ஆகிப் பணம் கைக்கு வந்தது என்ற ஆறாவது பட்டையைக் கூரியர் நிறுவனத்தின் பட்டியலிலிருந்து எடுத்துக் கடைக்காரரே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அனலிட்டிக்ஸ் மென்பொருள் அதைத் தானாக வரைந்து தராது.