எக்செலில் கடவுச்சொல் பட்டியல்: மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

ஆலய நிர்வாகத்திலும் இளைஞர் மன்றத்திலும் செயலாளர் பொறுப்பு கைமாறும்போது, கணக்கறிக்கையோடு ஓர் எக்செல் கோப்பும் கைமாறுவது வழக்கம். ஆலய மின்னஞ்சல், முகநூல் பக்கம், மின்கட்டணக் கணக்கு என எல்லாவற்றின் கடவுச்சொல்லும் அதில் வரிசையாக இருக்கும். வசதிதான். ஆனால் அந்த ஒரு கோப்பு வெளியே போனால் எல்லாக் கணக்குகளும் சேர்ந்தே போகும். குறிப்பாக, மின்னஞ்சல் ஒன்று கிடைத்தாலே போதும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

கோப்பு வெளியே போகத் திருடன் வர வேண்டியதில்லை. பாச்சாங்கில் ஓர் ஆலயச் செயலாளர் இந்தப் பட்டியலைப் புதிய பொருளாளருக்குப் புலனத்தில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதன் பிரதிகள் இருவர் கைப்பேசியிலும் இருக்கின்றன. பொருளாளர் அதை வீட்டுக் கணினியில் திறந்தால், அங்கேயும் ஒன்று தங்கிவிடும். அந்தக் கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போகும்போது பட்டியலும் கூடவே போகிறது.

பலர் செய்யும் ஏற்பாடு, கடவுச்சொற்கள் உள்ள தாளை மட்டும் மறைத்து வைப்பது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் 2024-இல் நடந்தது இதுதான். வாக்களிப்பு இயந்திரங்களின் விவரம் கொண்ட எக்செல் கோப்பு ஒன்று அதன் இணையத்தளத்தில் பல மாதங்கள் பொதுப் பார்வைக்கு இருந்தது. அதன் மறைந்த தாள்களில் 600க்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் இருந்தன. தாளின் பெயர் மீது வலச் சொடுக்கு செய்து Unhide என்பதைத் தேர்ந்தால் யாருக்கும் அவை தெரிந்துவிடும். அக்டோபரில் கோப்பை அகற்றிய பிறகு, பல மாவட்டங்களில் கடவுச்சொற்களை மாற்ற வேண்டியதாயிற்று.

Protect Sheet என்ற வசதியும் பூட்டு அல்ல. யாரும் தவறுதலாக எண்களை அழித்துவிடாமல் தடுக்கத்தான் அது. உள்ளே உள்ள எழுத்துகள் அப்படியே படிக்கும்படி கோப்பில் இருக்கும்.

இந்தப் பட்டியலுக்கு ஏற்ற இடம் கடவுச்சொல் பெட்டகச் செயலிதான். KeePassXC இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு வழியில்லை, எக்செல் மட்டுமே உண்டு என்றால் கோப்பு முழுவதையும் மறையாக்கம் செய்ய வேண்டும். கோப்பை .xlsx வடிவில் சேமித்துவிட்டு, இந்த வரிசையில் செல்லுங்கள்:

```
File > Info > Protect Workbook > Encrypt with Password
```

பூட்டுச்சொல்லை இரண்டு முறை தட்டச்சு செய்து, கோப்பை மறுபடியும் சேமியுங்கள். லிப்ரே ஆபிஸ் வைத்திருப்போர் Save As பெட்டியில் Save with password என்பதைத் தேர்ந்தால் போதும். பழைய .xls வடிவம் வேண்டாம். அதன் மறையாக்கம் பலவீனமானது.

உண்மையில் பூட்டு விழுந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. கோப்பின் பிரதி ஒன்றை Notepad-இல் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்துகள் PK என்று இருந்தால், எக்செல் கோப்பு இன்னும் பூட்டப்படவில்லை.

பூட்டுச்சொல்லாகப் பிறந்த தேதியை வைக்காதீர்கள். அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே அதுதான். 100 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 36,500 தேதிகள்தான் உள்ளன. வங்கித் தளத்தில் சில தடவை தவறினால் கணக்கு முடங்கிவிடும். கையில் கிடைத்த கோப்புக்கு அப்படி ஒரு தடை இல்லை. அத்தனை தேதிகளையும் ஒரு கணினி சில மணி நேரத்தில் முயன்று முடித்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம்.

அதை மறந்தால் மைக்ரோசாப்ட்டாலும் மீட்டுத்தர முடியாது. எனவே தாளில் எழுதி, உறையிலிட்டு, ஆலயப் பணப்பெட்டியில் வைக்கலாம். கோப்பைப் புலனத்தில் அனுப்பினால், பூட்டுச்சொல்லை அதே வழியில் அனுப்பாமல் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள்.

பூட்டிய பிறகும் இரண்டு வேலைகள் மிச்சம். முதலாவது, பூட்டாத பழைய பிரதிகளைப் புலன உரையாடல், அனுப்பிய மின்னஞ்சல், பென்டிரைவ், Recycle Bin ஆகியவற்றிலிருந்து அழிப்பது. இரண்டாவது, பழைய பிரதி பலர் கைக்குப் போயிருந்தால், பட்டியலில் உள்ள கடவுச்சொற்களையே மாற்றுவது. மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லைப் பூட்டிய கோப்பிலும் எழுதவேண்டாம். கோப்பு திறந்திருக்கும் நேரத்தில், கணினியில் புகுந்துள்ள தீய நிரலுக்கு அது வெறும் தாள்தான்.