t-யால் பெருக்கினால் s-இல் என்ன நடக்கிறது?

சென்ற வாரம் sin 2t என்ற சார்பின் லாப்லாஸ் உருமாற்றம் 2/(s² + 4) என்று கண்டோம். அதையே t-யால் பெருக்கி t sin 2t என்று ஆக்கினால் உருமாற்றம் என்னவாகும்? t-யின் உருமாற்றம் 1/s² என்பதால் இரண்டையும் பெருக்கிவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அது சரிவராது. விடை இருக்குமிடம் உருமாற்றத்தின் வரையறையிலேயே தெரிகிறது.

F(s) = ∫ e^(−st) f(t) dt, எல்லை 0 முதல் முடிவிலி வரை. இந்தத் தொகையீட்டில் s வருவது e^(−st) என்ற ஓரிடத்தில் மட்டும். ஆகவே F-ஐ s-ஐப் பொறுத்து வகையிட்டால் மாறுவதும் அது ஒன்றுதான். அதன் வகைக்கெழு −t e^(−st). f(t) அப்படியே நிற்க, அதன் பக்கத்தில் −t வந்து சேர்கிறது. ஆக, t f(t)-இன் உருமாற்றம் −F′(s). நம் கணக்கில் 2/(s² + 4)-இன் வகைக்கெழு −4s/(s² + 4)². குறியை மாற்றினால் 4s/(s² + 4)². பகுதித் தொகையிடலைத் திரும்பத் திரும்பச் செய்தும் இதே விடையை அடையலாம். ஆனால் அங்கே ஒரு பக்கம் பிடிக்கும் வேலை இங்கே ஒரே வரியில் முடிகிறது.

வகையிடலைத் தொகையீட்டுக் குறிக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா என்று கேட்பது நியாயமே. எல்லாச் சார்புகளுக்கும் அந்த அனுமதி கிடைத்துவிடாது. f(t)-இன் அளவு M e^(at)-ஐத் தாண்டாமல், s-உம் a-வைவிடப் பெரிதாக இருந்தால் போதும். t என்ற கூடுதல் காரணி எவ்வளவு வளர்ந்தாலும் e^(−(s−a)t) அதைவிட வேகமாகத் தேய்ந்துவிடும். தொகை முடிவுள்ளதாகவே இருக்கும். sin 2t ஒருபோதும் 1-ஐத் தாண்டாததால் a = 0; நம் விடை s > 0 எங்கும் செல்லும்.

சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. s மிகப் பெரிதாகும்போது t = 0-க்கு அருகில் நடப்பதே தொகையைத் தீர்மானிக்கிறது. அங்கே t sin 2t ஏறக்குறைய 2t². அதன் உருமாற்றம் 4/s³. நம் விடையும் பெரிய s-இல் 4/s³-ஐ நெருங்குகிறது. பெருக்கி எழுதிய தவறான விடையோ 2/s⁴ என்று ஆகிறது. கழித்தல் குறியை மறந்திருந்தால் விடை எதிர்மறையாக வந்து தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் வெறும் கணக்கு வித்தைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. x″ + 4x = cos 2t என்ற தடையற்ற அலைவியை ஓய்வுநிலையிலிருந்து தொடங்கினால் X(s) = s/(s² + 4)² என்று வரும். பகுதியில் வர்க்கம் வந்ததும் t என்ற காரணி ஒளிந்திருக்கிறது என்று அடையாளம் காணலாம்: x = (t/4) sin 2t. வெளியிலிருந்து தள்ளும் விசையின் அதிர்வெண் அலைவியின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒன்றியதால் வீச்சு t-க்கு நேர்விகிதத்தில் ஏறிக்கொண்டே போகிறது. ஒத்ததிர்வு என்பது இதுதான். உராய்வு சிறிதளவு சேர்ந்தாலும் அந்த வர்க்கம் கலைந்து, வளர்ச்சி ஓர் எல்லையில் நின்றுவிடும்.

இதே விதியைத் திருப்பிப் போட்டு, ln((s + 1)/s) எந்தச் சார்பின் உருமாற்றம் என்பதை அடுத்த வாரம் கண்டுபிடிப்போம்.