ஏறியது போட்டியாளரா, இறங்கியது நாமா?

கூகுளில் ஒருவர் ‘வெட் கிரைண்டர் விலை’ என்று தேடும் ஒவ்வொரு முறையும், விளம்பரம் கொடுத்தவர்களுக்குள் நொடிப் பொழுதில் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. அந்த ஏலங்களில் நம்மோடு நின்றவர்கள் யார் என்பதை கூகுள் ஆட்ஸில் உள்ள Auction insights அறிக்கை, அவரவர் இணைய முகவரியோடு காட்டுகிறது.

அதில் பல பத்திகள் இருந்தாலும் முதலில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். Overlap rate என்பது, நம் விளம்பரம் தெரிந்த நேரங்களில் எத்தனை சதவீதம் அவருடையதும் கூடவே தெரிந்தது என்ற கணக்கு. Position above rate என்பது, அப்படி இருவரும் சேர்ந்து தெரிந்தபோது எத்தனை முறை அவர் நமக்கு மேலே இருந்தார் என்பது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மையான பாதிப்பு விளங்கும்.

கோவையில் கிரைண்டர் விற்கும் ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அறிக்கையை வாரவாரியாகப் பிரித்தால், முதல் இரண்டு வாரங்களில் ஒரு போட்டியாளரின் Overlap rate 20 சதவீதம், Position above rate 15 சதவீதம். அதாவது நம் விளம்பரம் 100 முறை தெரிந்தால் 3 முறைதான் அவர் நமக்கு மேலே இருந்தார். நான்காவது வாரம் இவை 50, 60 என்று ஆகின்றன. இப்போது 100-க்கு 30 முறை அவர் மேலே இருக்கிறார். முதல் எண் மட்டும் ஏறியிருந்தால், அவர் பட்ஜெட்டையோ நேரத்தையோ ஊரையோ விரித்திருக்கலாம். இரண்டாவதும் சேர்ந்து ஏறினால், ஏலத்தொகையைக் கூட்டியிருக்கலாம். விளம்பரத்தின் தரத்தையும் உயர்த்தியிருக்கலாம். எது என்று அறிக்கை சொல்லாது. அவருடைய ஏலத்தொகையும் பட்ஜெட்டும் அதில் வராது.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பதறிப்போய் நம் தொகையை ஏற்றுவதற்கு முன் மற்ற போட்டியாளர்களின் வரிசையையும் பாருங்கள். இவர் ஒருவர் மட்டும் ஏறியிருந்தால் மாற்றம் பெரும்பாலும் அவர் பக்கம். எல்லோருடைய Position above rate-உம் ஒரே வாரத்தில் ஏறியிருந்தால் பெரும்பாலும் இறங்கியது நாம்தான். Change history-யில் அந்த வாரம் நாம் எதை மாற்றினோம் என்று தேட வேண்டும்.

தேடல் சொற்களைச் சேர்த்திருந்தாலும் கணக்கு குழம்பும். நாம் கலந்துகொள்ளும் ஏலங்களை வைத்துத்தான் இந்த அறிக்கையே போடப்படுகிறது. ‘மிக்ஸி’ என்று புதிதாகச் சேர்த்தால், கிரைண்டர் மட்டும் விற்பவரின் பங்கு அவர் எதுவுமே செய்யாமல் குறைந்ததுபோலத் தெரியும். அதனால் முழுக் கணக்குக்கும் சேர்த்துப் பார்க்காமல், ஒரே பிரச்சாரத்தில் மாறாத சொற்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

ஒரு வார ஏற்றத்தை நம்பிப் பணத்தைக் கூட்டாதீர்கள். பண்டிகைத் தள்ளுபடிக்காக வந்தவர் அடுத்த வாரமே போய்விடலாம். மூன்று, நான்கு வாரம் அதே இடத்தில் நிற்பவரைத்தான் நிரந்தரப் போட்டியாளராக எண்ண வேண்டும்.