கையெழுத்துப் போட்ட பின் அப்பீல் இல்லை

"தீர்ப்பு புடிக்கலைன்னா மேல போலாமுங்களா?" மக்கள் நீதிமன்றம் என்றதும் காந்திபுரத்துக் கடைக்காரர் ஒருவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். போக முடியாது. ஏன் என்று புரிந்துகொண்டால், உள்ளே போவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கணக்குக்காக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கிராஸ்கட் ரோட்டில் துணிக்கடை. சரக்கு தந்தவர் திருப்பூர்க்காரர். பாக்கி 4,20,000 ரூபாய் என்கிறார் அவர். அதில் 70,000 ரூபாய்ச் சரக்கு பழுது என்கிறார் கடைக்காரர். இன்னும் வழக்குப் போடவில்லை. போடாமலே மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளோடு, வரக்கூடிய ஆனால் இன்னும் வராத தகராறுகளையும் சேர்த்தே சொல்கிறது.

ஒருவர் மனு கொடுத்தால் போதும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பு வராவிட்டால் அவ்வளவுதான். வராதவர் மீது ஒருதலைப்பட்சமாக உத்தரவு போட அந்த அமர்வுக்கு அதிகாரம் இல்லை. வந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அப்படியே. "வழக்குத் தொடர்ந்துகொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். (பேருந்து, மின்சாரம், காப்பீடு போன்ற பொதுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம் வேறு. சமரசம் முறிந்தால் அது தானே தீர்ப்பும் சொல்லலாம்.)

இதில் ஒரு பொறி இருக்கிறது. சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்பதில்லை. இரண்டே முக்கால் ஆண்டு கழிந்த பின் மனுப் போட்டு, "அடுத்த அமர்வுக்குப் பார்க்கலாம்" என்று எதிராளி இழுத்தால், நஷ்டம் கடன் கொடுத்தவருக்கு. கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எதிராளி கையெழுத்திட்ட ஒரு கடிதம் கிடைத்தால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

நம் ஆட்கள் இருவரும் வந்தார்கள், 3,60,000 ரூபாய்க்கு இறங்கி வந்தார்கள் என்று வையுங்கள். கையில் 60,000, மீதி மாதம் 50,000 வீதம் ஆறு தவணை. அது எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்திட்டு, அமர்வும் கையெழுத்திட்டால் அதற்கு 'அவார்டு' என்று பெயர். சட்டத்தின் 21ஆம் பிரிவு அதை உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமமாக்குகிறது. அதே பிரிவுதான் அப்பீல் கிடையாது என்றும் சொல்கிறது.

காரணம் எளிது. அப்பீல் என்பது நீதிபதி முடிவு செய்ததில் தவறு என்று சொல்வது. இங்கே நீதிபதி எதையும் முடிவு செய்யவில்லை. நீங்கள் பேசி முடித்ததற்கு முத்திரை வைத்தார். நீங்களே சொன்ன சொல்லின் மீது யாரிடம் முறையிடுவீர்கள்? 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், இரு தரப்பும் சம்மதித்த தீர்ப்பாணைக்கு அப்பீல் இல்லை என்றே சொல்கிறது.

அப்படியானால் சம்மதமே இல்லாவிட்டால்? பஞ்சாப் அரசு எதிர் ஜலோர் சிங் வழக்கில் நடந்தது அதுதான். விபத்து இழப்பீட்டை மக்கள் நீதிமன்ற அமர்வு தானாகவே கூட்டிக் கொடுத்துவிட்டது. 2008இல் உச்ச நீதிமன்றம், சமரசம் இல்லாத அந்த உத்தரவு அவார்டே அல்ல என்றது. உண்மையான அவார்டு என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226, 227ஆம் பிரிவுகளின்படி மட்டுமே, அதுவும் மிகக் குறுகிய காரணங்களுக்காகவே எதிர்க்கலாம் என்றும் சொன்னது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றாலும் கீழ் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட முடியாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று பார்கவி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில் 2017இல் வந்த தீர்ப்பு தெளிவாக்கியது. "அப்போது யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன்" என்பது அந்தக் காரணங்களில் வராது.

என் கணிப்பில், கெட்டுப்போவது பெரும்பாலும் தொகையில் அல்ல, தவணை வரியில். கடைக்காரர் இரண்டு தவணை கட்டி நிறுத்திவிட்டால் வக்கீல் 'ஈ.பி.' போடுவார், அதாவது நிறைவேற்று மனு. அதற்கு 12 ஆண்டு வரை நேரம் உண்டு. ஆனால் அந்த நீதிமன்றம் தாளில் எழுதியிருப்பதைத்தான் வசூலித்துத் தரும். "ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே, 9 சதவீத வட்டியுடன்" என்ற வரி இருந்தால் மீதி 2,00,000 ரூபாயையும் ஒரே மனுவில் கேட்கலாம். அந்த வரி இல்லையென்றால், மாதம் பிறக்கப் பிறக்க ஐம்பது ஐம்பதாயிரமாகத்தான் கேட்க முடியும். வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டியது பேனாவை எடுப்பதற்கு முன்பு.