ஐந்து மதிப்பெண், நாலரை மில்லி

பார்மசி மாணவர்களின் வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி வரும். நோயாளியின் எடை 60 கிலோ. தாழ்ந்துபோன ரத்த அழுத்தத்தை உயர்த்த, எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் வீதம் டோபமைன் ஏற வேண்டும். 5 மில்லி ஆம்பூலில் 200 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதைச் சலைனோடு சேர்த்து மொத்தம் 50 மில்லியாக்கி, சிரிஞ்சு பம்பில் வைக்கிறார்கள். மணிக்கு எத்தனை மில்லி என்று பம்பில் பதிய வேண்டும்? மதிப்பெண் 5.

மருத்துவர் சொல்வது நிமிடமும் மைக்ரோகிராமும். பம்பில் பதிவதோ மணியும் மில்லியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் கணக்கு.

ஐந்தை 60 கிலோவால் பெருக்கினால் நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். இது முதல் மதிப்பெண். மணிக்கு என்று பார்க்க மறுபடி 60-ஆல் பெருக்கினால் 18,000 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம் என்பதால் அது 18 மில்லிகிராம். அடுத்தது கரைசலின் செறிவு. 50 மில்லியில் 200 மில்லிகிராம் என்றால் மில்லிக்கு 4. பதினெட்டை நான்கால் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. அலகு எழுதாமல் வெறும் 4.5 என்று விட்டால் கடைசி மதிப்பெண் கிடைக்காது.

செறிவில்தான் பலர் சறுக்குவார்கள். மொத்தம் 50 மில்லி என்றால் ஆம்பூலின் 5 மில்லியும் அதற்குள் அடக்கம்; சலைன் 45 மில்லிதான். 50 மில்லி சலைனில் ஆம்பூலைக் கலந்ததாக நினைப்பவர் 55-ஆல் வகுப்பார். விடை ஏறக்குறைய 4.95 ஆகிவிடும். பார்த்தால் சரிபோலவே இருக்கும் விடை என்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது.

மைக்ரோகிராமை மில்லிகிராமாக்க மறந்தவருக்கோ 4,500 மில்லி வரும். மூன்றாம் படியின் மதிப்பெண் போகும். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்த வகுத்தல் சரிதானே? முந்தைய பிழையை மறுபடி தண்டிக்கக் கூடாது என்ற திருத்தும் முறைப்படி, அவருக்கு ஐந்துக்கு நான்கு கிடைத்துவிடும்.

பாடத்தைக் கற்கும் பருவத்தில் படிக்கு ஒரு மதிப்பெண் தருவது நியாயமே. எந்தப் படியில் தடுமாறினார் என்று மாணவருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்துவிடுகிறது. பிரிட்டனில் மருந்தாளுநராகப் பதிவு பெறும் தேர்வில் இந்தச் சலுகை இல்லை. அங்கே முதல் தாளில் 40 கணக்குகள், நேரம் 2 மணி. இறுதி விடை சரியாக இருந்தால்தான் மதிப்பெண்.

நம் தாள்களில் ஒரு திருத்தம் போதும் என்பேன். 50 மில்லி சிரிஞ்சிலிருந்து மணிக்கு 4,500 மில்லி எப்படி இறங்கும் என்று ஒரு வரிகூட யோசிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனவருக்கு, கடைசிப் படியின் மதிப்பெண்ணைத் தரக் கூடாது.