இறந்தவன் கேட்ட கேள்வி

சென்ற வாரம் பார்த்த சூப்பர்மேன் 1992-ல் இறந்து, அடுத்த ஆண்டே எழுந்துவிட்டார். இப்படி எழுவதில் வியப்பில்லை. இந்தக் காமிக்ஸ் நாயகர்கள் எழுத்தாளரின் சொத்தல்ல, பதிப்பகத்தின் சொத்து. மாதாமாதம் இதழ் வரவேண்டும். சினிமாவுக்கும் பொம்மைக்கும் அந்த முகம் வேண்டும். கொன்ற எழுத்தாளர் போனபின் வருகிறவர், சிறுவயதில் தான் நேசித்தவனை எழுப்பிவிடுவார்.

ஆனால் ஜேசன் டாட் எழுந்தபோது கதையே கனத்தது. பேட்மேனின் இரண்டாவது ராபின் அவன். 1988-ல் ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கி, குண்டு வைத்த கிடங்கில் விட்டுப்போனான். பிழைப்பானா, சாவானா என்பதை வாசகர்களே தொலைபேசியில் முடிவு செய்யலாம் என்றது டிசி நிறுவனம். சாகட்டும் என்றவை 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்றவை 5,271. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் ஒரு சிறுவன் செத்தான்.

அதன்பின் பேட்மேனின் குகையில், கண்ணாடிப் பேழைக்குள் அவன் உடை நின்றது. பேட்மேனின் குற்றவுணர்வைக் காட்ட அந்தப் பேழையை வரைந்தாலே போதும், வசனம் வேண்டாம். ஜேசனை எழுப்பினால் இந்த வலி போய்விடுமே என்பதுதான் பெரிய ஆபத்து.

2005-ல் எழுத்தாளர் ஜட் வினிக் அவனை எழுப்பினார். வலி குறையவில்லை, கூடியது. தன்னைக் கொன்றவன் ஒரு காலத்தில் வைத்திருந்த 'ரெட் ஹூட்' என்ற பெயரிலேயே ஜேசன் வருகிறான். உச்சக்கட்டத்தில் ஜோக்கரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேட்மேனிடம் பேசுகிறான். என்னைக் காப்பாற்ற முடியாமல் போனதை மன்னித்துவிட்டேன். ஆனால் இவன் ஏன் இன்னும் உயிரோடிருக்கிறான்? கேட்டுவிட்டு ஒரு துப்பாக்கியையும் நீட்டுகிறான். ஜோக்கரைக் காப்பாற்ற என்னைச் சுடு, இல்லாவிட்டால் நான் அவனைக் கொல்வேன் என்கிறான். பேட்மேன் அவனைச் சுடவில்லை. அவர் எறிந்த பேட்டராங் ஜேசனின் கழுத்தைக் கிழிக்கிறது. இவன் ஏன் இன்னும் உயிரோடிருக்கிறான் என்பது, செத்தவன் மட்டுமே உரிமையோடு கேட்கக்கூடிய கேள்வி. அவன் திரும்பி வராவிட்டால் அதைக் கேட்க ஆளே இல்லை.

அவன் எப்படி எழுந்தான் என்பதற்கு 2006-ல் தந்த விளக்கம் படுமோசம்: வேறொரு பிரபஞ்சத்து சூப்பர்பாய், யதார்த்தத்தின் சுவரைக் குத்தியதில் வரலாறு பிசகிவிட்டதாம். வினிக்கே எழுதிய 2010 அனிமேஷன் படத்தில் அதைத் தூக்கிவிட்டு, ராஸ் அல் கூலின் லாசரஸ் குளத்தை வைத்தார்கள். உச்சக்கட்ட மோதலை மட்டும் விடவில்லை.

பின்னாளில் ஜேசனுக்குத் தனி இதழ் வந்தது, பேட்மேன் குடும்பத்தோடு ராசியும் ஆனான். அந்த இதழ்கள் எனக்குச் சப்பென்றிருந்ததற்குக் காரணம், அந்தக் கேள்வியை அவனே கைவிட்டதுதான்.

அடுத்த வாரம், அதே 2005-ல் எழுந்த இன்னொருவன்: கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி.