மூன்று கட்டங்கள், ஒரு தேதி

ரத்த தானம் செய்பவர்களின் பட்டியல் பல இளைஞர் மன்றங்களில் இருக்கிறது. விண்ணப்பத் தாளில் 'கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது?' என்று கேட்டு, நாள், மாதம், வருடம் என மூன்று சின்னப் பெட்டிகள் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுபவர் எக்செல்லிலும் மூன்று நெடுவரிசைகளில் தனித்தனியாகவே பதிந்துவிடுவார். அதில் பிழை எதுவும் இல்லை. சிக்கல், நள்ளிரவில் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்து, 'இன்று ரத்தம் கொடுக்கக்கூடியவர்கள் யார் யார்?' என்று தேடும்போதுதான் தெரியும். இந்திய விதிப்படி ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். 18, 11, 2025 என்று மூன்று கட்டங்களில் பிரிந்து கிடக்கும் எண்களோடு 90-ஐக் கூட்ட வழியில்லை.

நம் பட்டியலில் A-யில் பெயர், B-யில் வருடம், C-யில் மாதம், D-யில் நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பெயர் இரண்டாவது வரியில் வருகிறது. பெரும்பாலானோர் முதலில் செய்வது, மூன்றையும் சாய்கோடு போட்டு ஒட்டுவது:

```
=D2&"/"&C2&"/"&B2
```

திரையில் 18/11/2025 என்று அழகாக வரும். ஆனால் அது தேதி இல்லை, எழுத்துகளின் கோவை. கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்பதே அதற்கு அடையாளம். எக்செல்லில் எண்ணும் தேதியும் நாமாக மாற்றாதவரை வலது ஓரத்தில்தான் நிற்கும். இதை வரிசைப்படுத்தினால் 10/1/2026 மேலேயும் 18/11/2025 கீழேயும் போகும். முதல் எழுத்து 1, இரண்டாவது எழுத்து 0 என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் வரும் கோளாறு அது.

இதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. இப்படி ஒட்டியதோடு 90-ஐக் கூட்டினால் எக்செல் அதைத் தேதியாகப் புரிந்துகொள்ள முயலும். எந்த நாட்டு வழக்கப்படி புரிந்துகொள்வது என்பதை அந்தக் கணினியின் அமைப்பு தீர்மானிக்கும். இந்திய அமைப்பில் 4/11/2025 என்பது நவம்பர் 4. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அது ஏப்ரல் 11. பிப்ரவரி 2 வரை காத்திருக்க வேண்டியவரை, 'ஜூலை 10-லிருந்தே தகுதியானவர்' என்று பட்டியல் காட்டிவிடும். 18/11/2025 போன்றவற்றுக்காவது பதினெட்டாவது மாதம் கிடையாது என்பதால் #VALUE! என்று பிழை வரும். நாளின் எண் 12-க்குள் இருந்தால் பிழையும் வராது.

இதற்கென்றே இருக்கிறது DATE. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் மூன்றிலும் உண்டு. E2-வில் இப்படி எழுத வேண்டும்:

```
=DATE(B2,C2,D2)
```

வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசை மாறவே மாறாது. கணினி எந்த நாட்டு அமைப்பில் இருந்தாலும் முதலில் வருவது வருடம்தான். நாம் நாளை முதலில் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் கை தானாக D2-வை முன்னால் போடும். அதை மட்டும் கவனிக்க வேண்டும். சில கணினிகளில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். எழுதி முடித்ததும் கட்டத்தின் கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் பட்டியல் முழுவதற்கும் தேதி வந்துவிடும்.

சில சமயம் தேதிக்குப் பதிலாக 45979 என்று ஒரு எண் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், அதுதான் உண்மையான தேதி. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல் போல எக்செல் 1900 ஜனவரி 1-க்கு 1 என்று எண் போட்டு, அடுத்தடுத்த நாளுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வருகிறது. அந்த வரிசையில் 2025 நவம்பர் 18-க்கு வரும் எண் 45979. Ctrl+1 அழுத்தி, Custom என்ற இடத்தில் dd-mm-yyyy என்று கொடுத்தால் அதே எண் 18-11-2025 என்ற தோற்றத்தில் தெரியும். உள்ளே இருப்பது எண் என்பதால் அடுத்த கட்டத்தில் =E2+90 என்று எழுதினாலே போதும்; 16-02-2026 என்று விடை வரும். எந்த மாதத்துக்கு எத்தனை நாள், லீப் வருடமா இல்லையா என்ற கணக்கெல்லாம் அதற்குள் முடிந்துவிடுகிறது. (1900-ஐ லீப் வருடம் என்று எக்செல் தவறாக நம்புவது தனிக் கதை. பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, இன்றுவரை வைத்திருக்கிறார்கள்.)

இவ்வளவுதான் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. DATE-க்கு ஒரு குணம் உண்டு: எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் ஏதாவது ஒரு தேதியாக்கித் தந்துவிடும். நவம்பர் 31 என்று ஒருவர் பதிந்திருந்தால் பிழை காட்டாது, டிசம்பர் 1 என்று தரும். நாளும் மாதமும் இடம் மாறி, மாதத்தில் 18-ம் நாளில் 11-ம் இருந்தால், 2025-ன் பதினெட்டாவது மாதம் என்றால் அடுத்த வருட ஜூன் என்று தானே கணக்குப் போட்டு 11-06-2026 என்று எழுதும். இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு. =DATE(B2,C2+1,0) என்றால் அடுத்த மாதத்தின் 'பூஜ்ஜியமாவது நாள்', அதாவது இந்த மாதத்தின் கடைசி நாள். சம்பளக் கணக்கு போடுபவர்களுக்கு மிகவும் வசதி. ஆனால் கையால் பதிந்த பட்டியலில் அதே வசதி தவறுகளை மறைத்துவிடும்.

காலிக் கட்டங்களில்தான் இது மிக மோசம். 'போன நவம்பரில் கொடுத்தேன், நாள் ஞாபகமில்லை' என்று ஒருவர் சொல்கிறார். நாள் கட்டத்தைக் காலியாக விடுகிறோம். காலி என்றால் DATE-க்குப் பூஜ்ஜியம். ஆகவே 2025, 11, காலி என்பது அக்டோபர் 31 ஆகிவிடும். வருடம் மட்டும் தெரிந்து மற்ற இரண்டும் காலி என்றால், 2025 என்று பதிந்தவருக்கு 30-11-2024 என்று முந்தைய வருடத் தேதி வரும். இரண்டுமே பார்ப்பதற்கு அச்சு அசல் தேதிகள். யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது, வருடத்தை இரண்டு இலக்கத்தில் பதியும் பழக்கம். எக்செல்லில் DATE-க்கு 1900-க்குக் குறைவான வருடம் கொடுத்தால் அதோடு 1900-ஐக் கூட்டிக்கொள்ளும். பிறந்த வருடம் 68 என்று இருந்தால் 1968 வரும். சரி என்று நினைத்து மேலே போவோம். 2005-ல் பிறந்தவருக்கு 05 என்று பதிந்திருந்தால் 1905 வரும். ரத்த தானத்துக்கு 18 முதல் 65 வயது வரை என்ற வரம்பை வைத்து வடிகட்டும்போது, கல்லூரி மாணவர் அத்தனை பேரும் நூறு வயது தாண்டியவர்களாகி, பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள். கடைசி தானத் தேதியில் 25 என்று பதிந்திருந்தால் நேர்மாறு: 1925-ல் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எல்லோரும் தகுதியானவர்கள் ஆவார்கள். இதே கூட்டல் பழைய ஆவணங்களிலும் விளையாடும். பாரதியார் பிறந்த 1882 டிசம்பர் 11-ஐ எக்செல்லில் DATE வழியாகக் கொடுத்துப் பாருங்கள். 11-12-3782 என்று வரும். 1900-க்கு முந்தைய தேதி எதுவும் அதன் கணக்கில் இல்லை.

ஆகவே ஃபார்முலாவை இரண்டு பகுதியாக எழுதுவதே நல்லது. E2-வில், மூன்று கட்டங்களிலும் எண் இருந்தால் மட்டும் தேதி:

```
=IF(COUNT(B2:D2)=3,DATE(B2,C2,D2),"")
```

F2-வில், வந்த தேதியை மறுபடி பிரித்து, நாம் பதிந்ததோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை:

```
=IF(E2="","விடுபட்டது",
 IF(AND(YEAR(E2)=B2,MONTH(E2)=C2,
 DAY(E2)=D2),"","பார்க்க"))
```

நவம்பர் 31 என்று பதிந்திருந்தால் E2-வின் மாதம் 12, C2-வில் 11. ஒத்துப்போகாது, 'பார்க்க' என்று வரும். பதினெட்டாவது மாதமும், 05 என்ற வருடமும், 1882-ம் இதே வலையில் விழும். COUNT எண்களை மட்டுமே எண்ணும் என்பதால், பார்வைக்கு எண்ணாக இருந்தும் எழுத்தாகப் பதிவான கட்டங்கள் 'விடுபட்டது' பக்கம் போய்விடும். வேறு மென்பொருளிலிருந்து நகல் எடுத்து ஒட்டிய பட்டியல்களில் இது அடிக்கடி நடக்கும். அந்த எண்கள் இடது ஓரத்தில் நிற்கும், மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணமும் தெரியலாம்.

மாதத்தை 'நவம்பர்' என்று பெயராகவே பதிந்திருந்தால் DATE நேர்மையாக #VALUE! என்று சொல்லிவிடும். மேலே உள்ள ஃபார்முலாவில் அதுவும் 'விடுபட்டது' ஆகும். அந்தப் பட்டியலுக்கு, H1 முதல் H12 வரை பன்னிரண்டு மாதப் பெயர்களையும் எழுதிவைத்து, G2-வில் =MATCH(C2,$H$1:$H$12,0) என்று போட்டு மாதத்தின் எண்ணை ஒரு தனி நெடுவரிசையில் வரவழைத்து, மேலே உள்ள ஃபார்முலாக்களில் C2-க்குப் பதில் G2 என்றும், B2:D2-க்குப் பதில் B2,G2,D2 என்றும் கொடுக்கலாம். எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்க வேண்டும், 'நவ.' என்று சுருக்கி எழுதியவருக்கு #N/A தான் கிடைக்கும்.

ஒரு தவறை மட்டும் எந்த ஃபார்முலாவும் கண்டுபிடிக்காது. நவம்பர் 4 என்பது ஏப்ரல் 11 என்று இடம் மாறிப் பதிவாகியிருந்தால் இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள். எதிர்காலத் தேதியாக வந்தால் =E2>TODAY() என்று கேட்டுப் பிடிக்கலாம். மற்றபடி விண்ணப்பத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது அவரையே தொலைபேசியில் கேட்க வேண்டும்.

தேதி வந்துவிட்டதே என்று B, C, D நெடுவரிசைகளை உடனே அழித்துவிடாதீர்கள். அழித்த கணமே E-யில் இருந்த தேதிகள் எல்லாம் போய்விடும். E-யை நகலெடுத்து, Paste Special-ல் Values என்று அதே இடத்தில் ஒட்டிவிட்டால் அந்த ஆபத்து இருக்காது. அப்போதும் F-ல் இருக்கும் சோதனைக்கு அந்த மூன்று நெடுவரிசைகளும் வேண்டும். கண்ணுக்கு இடைஞ்சல் என்றால் Hide கொடுத்து மறைத்து வையுங்கள்.